பால் கானும் எங்கட ஊர்க் கிணத்துத் தண்ணியும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். பால் ஊற்றுகிற வீட்டுக்காரர்கள் கட்டாயம் வாசியுங்கள். வீட்டில் வாசிக்கத் தெரியாத மூத்தம்மாமார் இருந்தால் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஏனென்றால் காலையில் வாளியோடு வருவது பெரும்பாலும் அவர்கள்தான்.

போன கோடையில் எங்கட ஊர்ப் பாற்சேகரிப்பு நிலையத்தில் பால் திரும்பி வந்த கதை எல்லாருக்கும் தெரியும். ஒரு கிழமைக்கு இரண்டு நாள், மூன்று நாள் என்று குளிரூட்டும் நிலையத்தில் பாலை ஏற்காமல் விட்டார்கள். இரண்டு கான், எழுபது லீற்றருக்கு மேல். ஒரு மாட்டை வைத்துக்கொண்டு மூன்று லீற்றர் ஊற்றுகிற பொம்பளைக்கு அந்த நாள் காசு இல்லை. ஊருக்குள் கதை இரண்டு விதமாக ஓடியது. ஒன்று, யாரோ தண்ணி கலக்கிறார்கள். மற்றது, கான் கழுவுகிற ராத்தா ஒழுங்காகக் கழுவுவதில்லை. சங்கத்துக் கூட்டத்தில் அவரை நிற்பாட்டி வேறு ஆளைப் போடுவோம் என்றுகூடப் பேச்சு வந்தது.

அந்த ராத்தா என்னிடம் படிக்கிற ஒரு பிள்ளையின் உம்மா. கணவர் இல்லை. அந்தச் சம்பளமும் வீட்டில் நிற்கிற இரண்டு மாடும்தான் அவருக்கு வருமானம். ஒரு நாள் பாடசாலை வாசலுக்கு வந்து, "சேர், நான் ஒரு நாள் கழுவாமல் விட்டிருப்பேனா? வந்து பார்த்துட்டுச் சொல்லுங்க. நான் கழுவுறது பிழை என்றா நானே விட்டுட்டுப் போறன்" என்றார்.

நான் உயர்தரத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். மாடு எனக்குப் புதிதில்லை. 1990 ஒக்டோபரில் எங்கட சனம் வெளியேறியபோது பட்டியை அப்படியே திறந்துவிட்டுப் போன குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. திரும்பி வந்து ஒன்றிரண்டாக மாடு சேர்த்தோம். ஆனால் பால் கான் ஒன்றை இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தது அந்தக் கிழமைதான்.

சுபஹு முடிந்து போய் உட்கார்ந்து பார்த்தேன். ஐந்தரைக்கு முதல் வாளி வருகிறது. ராத்தா ஒவ்வொருவருடைய பாலையும் மணந்து பார்க்கிறார், பால்மானியைப் போட்டுப் பார்க்கிறார், சந்தேகம் என்றால் ஒரு கரண்டி எடுத்துக் கொதிக்கவைத்துப் பார்க்கிறார். அன்றைக்கு வந்த ஒன்றுகூடத் திரையவில்லை. தண்ணி கலந்திருந்தால் பால்மானி காட்டிக் கொடுக்கும், அதுவும் சரியாகத்தான் நின்றது. ஏழரைக்கு கான் இரண்டும் முச்சக்கர வண்டியில் ஏறியது. பத்து மணிக்குக் குளிரூட்டும் நிலையத்தில் மதுசாரச் சோதனை செய்தபோது பால் திரைந்தது. அதாவது பாலளவு மதுசாரத்தை விட்டுக் குலுக்கினால் நல்ல பால் அப்படியே நிற்கும், புளிக்கத் தொடங்கிய பால் கட்டி கட்டியாகத் திரையும். கொதிக்கவைத்துப் பார்க்கிற எங்கட சோதனையில் அகப்படாத புளிப்பு இதில் அகப்பட்டுவிடும்.

தனித்தனியாக வரும்போது நல்ல பால், ஒன்றாக ஊற்றிய பிறகு பழுதாகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது கானைத்தான். ஆனால் கான் பளபளவென்று இருந்தது. ராத்தா ஒரு நாளைக்கு முக்கால் மணித்தியாலம் அதோடுதான் மாரடிக்கிறார்.

அவர் கழுவுகிற முறையைச் சொல்கிறேன். கான் பதினொரு மணிபோல் வெறுமையாகத் திரும்பி வரும். வந்தவுடன் நல்ல சூடான தண்ணியை உள்ளே ஊற்றுவார். சூடு கூடினால் சுத்தமும் கூடும் என்பது அவருடைய எண்ணம். பிறகு சவர்க்காரக் கட்டியும் தும்பும், அழுத்தமான இடத்துக்குக் கொஞ்சம் மணல். கடைசியாகக் கிணத்துத் தண்ணியில் மூன்று முறை அலசி, காகமும் தூசியும் படாமல் மூடியை இறுக்கமாக மூடி, நிழலில் அடுக்கி வைப்பார். இதில் ஒன்றுகூட அலட்சியம் இல்லை. எல்லாமே கவனம். ஆனால் கவனமாகச் செய்த நாலு காரியமும் கானுக்கு எதிராகத்தான் வேலை செய்திருக்கின்றன.

முதலாவது சூடு. முட்டையின் வெள்ளைக்கருவைச் சட்டியில் ஊற்றினால் என்ன நடக்கிறது? கட்டியாகி ஒட்டிக்கொள்கிறது. பாலிலும் அப்படிப்பட்ட புரதம் இருக்கிறது. கானின் சுவரில் ஒட்டியிருக்கிற பால் படலத்தின்மேல் கொதிதண்ணி பட்டால் அந்தப் புரதம் அங்கேயே இறுகி உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் முதல் அலசல் எப்போதும் பச்சைத் தண்ணி, அல்லது கை பொறுக்கிற இளஞ்சூட்டுத் தண்ணி. அதுவும் பால் காய்வதற்கு முன் செய்ய வேண்டும். எங்கட கான் வெறுமையான பிறகு வெயிலில் ஒரு மணித்தியாலம் மூடியபடி வண்டியில் வருகிறது. அதனால் இப்போது வண்டிக்காரத் தம்பியிடம் சொல்லி, பாலை ஊற்றிய இடத்திலேயே ஒரு வாளி தண்ணியை விட்டுக் குலுக்கி ஊற்றிவிட்டு வரச் செய்திருக்கிறோம். அந்த ஐந்து நிமிட வேலை ராத்தாவின் வேலையைப் பாதியாக்கிவிட்டது.

இரண்டாவது தண்ணி. இதுதான் எங்கட பக்கத்துக்கே உரிய பிரச்சினை. அரிப்பு, சிலாவத்துறை தொடக்கம் மன்னார்த் தீவு வரைக்கும் கரையோரக் கிணறுகளில் எத்தனையோ உவர், அதோடு கடினத் தண்ணி. சுண்ணாம்புக் கல்லின் ஊடாக வருகிற தண்ணி. உங்கள் வீட்டுக் கேத்தலுக்குள் பாருங்கள், அடியில் வெள்ளையாகப் படை பிடித்திருக்கும். அந்தப் படைதான் பால் கானிலும் பிடிக்கிறது. ஒரு வித்தியாசம், அங்கே அது தனியாகப் பிடிப்பதில்லை. தண்ணியில் உள்ள கல்சியமும், பாலில் உள்ள கல்சியமும், சூட்டில் இறுகிய புரதமும், கொஞ்சம் கொழுப்பும் சேர்ந்து ஒரு படலமாகின்றன. பாற்கல் என்று சொல்வார்கள். கான் ஈரமாக இருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் பளபளவென்று தெரிந்தது. வெயிலில் நன்றாகக் காயவிட்டு உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தபோது கழுத்துக்குக் கீழே, தோள் வளைகிற இடத்தில், மங்கலான மஞ்சள் வெள்ளைப் படை வட்டமாகத் தெரிந்தது. நகத்தால் சுரண்டினால் மாவாக வந்தது. தண்ணியை ஊற்றிப் பார்த்தாலும் கண்டுபிடிக்கலாம். சுத்தமான உலோகத்தில் தண்ணி ஒரே விரிப்பாக வழியும். கொழுப்போ படையோ இருக்கும் இடத்தில் துளித் துளியாகப் பிரிந்து நிற்கும்.

சவர்க்காரமும் இந்தத் தண்ணியில் நுரைக்காது என்று எங்கட உம்மாமார் எல்லாருக்கும் தெரியும். நுரைக்காமல் வெள்ளையாகத் திரண்டு வருகிறதே, அதுவும் கானில்தான் ஒட்டுகிறது. அழுக்கு எடுக்கப் போட்ட சவர்க்காரமே அழுக்காகிறது. மணல் போட்டுத் தேய்த்தால் அலுமினியத்தில் கீறல் விழும். ஒவ்வொரு கீறலும் கிருமிக்கு ஒரு வாய்க்கால். தும்பு அதற்குள் போகாது.

மூன்றாவது, கடைசி அலசல். நாலாவது, இறுக்கமாக மூடிய மூடி. இந்த இரண்டையும் சொல்வதற்கு முன் நாங்கள் செய்து பார்த்த சோதனையைச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் மட்டும் சங்கத்தில் எடுபடாது, கண்ணால் காட்ட வேண்டும் என்று நினைத்தேன்.

பாடசாலை ஆய்வுகூடத்தில் மெதிலீன் நீலம் இருந்தது. பாலில் இந்தச் சாயத்தைக் கலந்தால் நீலமாகும். பாலில் கிருமி பெருகி ஒட்சிசனைப் பயன்படுத்தித் தீர்க்கத் தீர்க்க அந்த நீலம் மறைந்து பால் திரும்ப வெள்ளையாகும். கிருமி எவ்வளவு கூடவோ அவ்வளவு கெதியாக நீலம் மறையும். ஒரு நாள் விடியப்புறம், பால் ஊற்றுவதற்கு முன், கொதித்து ஆறிய தண்ணியை ஒவ்வொரு கானிலும் கொஞ்சம் விட்டுக் குலுக்கி, தனித்தனிப் போத்தலில் எடுத்துக்கொண்டேன். மூடியின் றப்பர் வளையத்தைக் கழற்றி அதையும் தனியாக அலசி எடுத்தேன். பால் வாங்குகிற வாளியிலிருந்து ஒன்று, கிணத்துத் தண்ணி ஒன்று.

உயர்தர மாணவர்கள் செய்தார்கள். பாலைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, காற்றுக் கலக்க நன்றாகக் குலுக்கி, ஒவ்வொரு குழாயிலும் பத்து மில்லிலீற்றர் விட்டு, ஒரு மில்லிலீற்றர் சாயமும் ஒரு மில்லிலீற்றர் அலசிய தண்ணியும் சேர்த்தார்கள். ஒரு குழாயில் கொதித்து ஆறிய தண்ணியை மட்டும் சேர்த்து ஒப்பீட்டுக்காக வைத்தோம். எல்லாவற்றையும் 37 பாகை வெந்நீரில் நிற்பாட்டி, சூடு குறையக் குறையச் சுடுதண்ணி விட்டுப் பிள்ளைகள் முறை வைத்துக் காவல் இருந்தார்கள். ஏழரைக்குத் தொடங்கினோம்.

பதினொரு மணிக்கு முதல் குழாய் வெள்ளையாகிவிட்டது. எந்தக் குழாய் தெரியுமா? றப்பர் வளையம். பாடசாலை விடுவதற்குக் கொஞ்சம் முன் ஒரு கான், பிறகு மற்றக் கான். கிணத்துத் தண்ணிக் குழாய் மூன்று மணிக்கு வெளிறிப் போயிருந்தது. வாளிக் குழாய் அப்போதும் நீலம். ஒப்பீட்டுக் குழாயும் நீலம். ராத்தாவை வரச் சொல்லி, சங்கத்துத் தலைவரையும் கூப்பிட்டு, குழாய்களை வரிசையாக வைத்துக் காட்டினோம்.

தலைவர் வளையத்தைக் கையில் எடுத்து மணந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கழுவப் போனார். ராத்தா மட்டும், "இது கழட்டுற சாமான் என்று எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரல்லையே சேர்" என்றார். உண்மைதான். கான் வந்த நாளிலிருந்து அந்த வளையம் கழற்றப்படவே இல்லை. அதன் அடியில் மாதக்கணக்கான பால் பிசினாக இருந்தது. வெடித்த றப்பரின் வெடிப்புக்குள் எந்தத் தும்பும் போகாது.

இனி மூடிக்கு வருகிறேன். பதினொன்றரைக்குக் கழுவி மூடிய கான் மறுநாள் ஐந்தரைக்குத்தான் திறக்கப்படும். பதினெட்டு மணித்தியாலம். உள்ளே கொஞ்சம் தண்ணி, கொஞ்சம் பால் மிச்சம், வெளியே எங்கட மன்னார்ச் சூடு. கிருமி அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இரட்டிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். பத்து மணித்தியாலத்தில் இருபது இரட்டிப்பு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் கணக்குப் போடச் சொன்னால் பத்து இலட்சத்துக்கு மேல் என்று விடை வரும். உணவும் ஈரமும் தீருகிற இடத்தில் பெருக்கம் நின்றுவிடும், அதனால் இந்தக் கணக்கு கடைசி வரை ஓடாது. ஆனால் அந்த ஈரத்தைத்தான் நாங்கள் மூடிப் பாதுகாத்து வைத்திருந்தோம். காய்ந்த கானில் கிருமி பெருக முடியாது. மூடியது தூசியைத் தடுத்தது, காய்வதையும் தடுத்தது.

இந்த இடத்தில் ஒரு விடயம் சொல்லிவிட்டுப் போகிறேன். எங்கட மூத்தம்மா தயிர் போடுகிற மண்சட்டியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ விடமாட்டார். "சட்டிட ருசி போயிடும்" என்பார். அவர் சொன்னது சரி. மண்சட்டியின் நுண்துளைகளுக்குள் பழைய தயிரின் கிருமி குடியிருக்கும், அது அடுத்த தயிரை உறைய வைக்க உதவும். மோர் கடைகிற மர மத்தும் அப்படித்தான், கொதிதண்ணி ஊற்றி வெயிலில் காயவைத்தாலும் மரத்துக்குள் கொஞ்சம் தங்கும். தயிருக்கு அது நல்ல குணம். பால் கானுக்கு அதே குணம்தான் வியாதி. வளையத்தின் வெடிப்பு எங்கட கானுக்குள் இருந்த ஒரு தயிர்ச்சட்டி.

சரி, இப்போது எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறேன்.

முதலில் பழைய பாற்கல்லை எடுத்தோம். அதற்குப் புளிப்புத்தான் மருந்து. கேத்தல் படைக்கு வினாகிரி விடுவது போலத்தான். கடை வினாகிரியில் பாதி, தண்ணியில் பாதி கலந்து, கானுக்குள் விட்டு, படை பிடித்த இடமெல்லாம் படும்படி துணியை நனைத்து ஒட்டி இருபது நிமிடம் விட்டோம். பிறகு நைலோன் பிரஸ்ஸால் தேய்த்தபோது சேறு போல வந்தது. முதல் தடவை மூன்று முறை செய்ய வேண்டியிருந்தது. இப்போது கிழமைக்கு ஒரு நாள், வெள்ளிக்கிழமை, ஒரு தடவை போதும். படை தடித்த பிறகு எடுப்பது கஷ்டம், தடிக்கவிடாமல் வைத்திருப்பது லேசு.

இடையில் ஒருவர் சலவைச் சோடா நல்லது என்று வாங்கி வந்து தந்தார். எவர்சில்வர் கானுக்கு அது நல்லதுதான், கொழுப்பை நன்றாக எடுக்கும். எங்கட கான் அலுமினியம். சோடாக் கரைசலை விட்டவுடன் சின்னச் சின்னக் குமிழி எழும்பி உள்ளே கறுத்துவிட்டது. அலுமினியத்தைச் சோடா அரிக்கும். சாம்பலும் அதே இனம். உங்கள் வீட்டு அலுமினிய வாளிக்குச் சாம்பல் போடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். நாங்கள் இப்போது கோப்பை கழுவுகிற சாதாரணத் திரவச் சவர்க்காரம்தான் பாவிக்கிறோம். அது கடினத் தண்ணியிலும் ஓரளவு நுரைக்கும், திரளாது.

தண்ணிக்கு வழி மழைதான். நிலையத்தின் தகரக் கூரைக்குப் பீலி பூட்டி, மாரி மழையை ஒரு தாங்கியில் பிடித்தோம். முதல் மழை கூரை கழுவிப் போக விட்டுவிட்டுப் பிறகுதான் பிடிக்க வேண்டும். அந்தத் தண்ணியைச் சவர்க்கார வேலைக்கும் கடைசி அலசலுக்கும் மட்டும் வைத்திருக்கிறோம். முதல் பச்சைத்தண்ணி அலசலுக்குக் கிணறே போதும்.

ஒவ்வொரு நாளும் நடக்கிறது இதுதான். கான் வந்தவுடன் மூடியைத் திறந்து, வளையத்தைக் கழற்றித் தனிக் கோப்பையில் போடுவது. பச்சைத்தண்ணியில் இரண்டு தடவை, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு நன்றாகக் குலுக்கி ஊற்றுவது. ஒரே தடவையில் நிறைய ஊற்றுவதைவிட இது நல்லாக எடுக்கும், தண்ணியும் மிச்சம். பிறகு கை பொறுக்கிற சூட்டில் சவர்க்காரத் தண்ணியும் நீளக் கைபிடி பிரஸ்ஸும். அடியைவிடத் தோளுக்கும் கழுத்துக்கும் கூடக் கவனம், ஏனென்றால் கண்ணுக்கு மறைவு அங்கேதான். வாளியென்றால் கைபிடி பொருத்திய காது, விளிம்பின் மடிப்பு. சவர்க்காரம் போக அலசிய பிறகுதான் கிருமி கொல்கிற வேலை. அழுக்கு இருக்கிற கானில் கொதிதண்ணியோ மருந்தோ விடுவது வீண், அழுக்கு கிருமியைப் போர்த்தி வைத்திருக்கும்.

கொதிதண்ணி விடயத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. ராத்தா முன்பு ஒரு கேத்தல், அதாவது இரண்டு லீற்றர், விட்டுச் சுழற்றி ஊற்றுவார். எங்கட நாற்பது லீற்றர் கானைத் தராசில் வைத்தேன், எட்டுக் கிலோ. அந்த எட்டுக் கிலோ அலுமினியமும் தன்னைச் சூடாக்க அந்தத் தண்ணியின் சூட்டை எடுத்துக்கொள்ளும். முப்பது பாகையில் இருக்கிற கானில் கொதிக்கிற தண்ணி இரண்டு லீற்றர் விட்டால் இரண்டும் சமமாகி நிற்பது 68 பாகைக்குக் கிட்ட. காற்றில் போகிற சூட்டையும் கழித்தால் இன்னும் குறைவு. ஐந்து லீற்றர் விட்டால் 82க்குக் கிட்ட நிற்கும். எங்களுக்கு 80 பாகை வேண்டும், அதுவும் இரண்டு மூன்று நிமிடமாவது. அதனால் ஒரு கானுக்கு ஐந்து லீற்றர், நன்றாகத் தளதளவென்று கொதிக்கும்போது. மூடியை மேலே சும்மா வைத்து, பூட்டாமல், துணி பிடித்து எல்லாப் பக்கமும் படும்படி சரித்துச் சரித்து உருட்ட வேண்டும். பூட்டினால் ஆவி அடித்துக் கையை அவித்துவிடும், கவனம். முதல் கானில் ஊற்றிய தண்ணியை இரண்டாவது கானுக்கு ஊற்றுவதும் வேலைக்காகாது, அது ஆறிய தண்ணி. மூடி, வளையம், பால்மானிச் சாடி எல்லாம் கொதிக்கிற பானைக்குள்ளேயே போட்டு எடுக்கலாம். இப்படிக் கொதிதண்ணி பட்ட கானைத் திரும்பக் கிணத்துத் தண்ணியில் அலசக்கூடாது. மூன்று மணிக்கு வெளிறிய குழாயை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சூட்டோடு கவிழ்த்தால் அந்தச் சூட்டிலேயே காய்ந்துவிடும்.

மாரியில் பனை மட்டையும் விறகும் நனைந்து ஐந்து லீற்றர் கொதிக்க வைப்பது பெரும்பாடு. அந்த நாட்களுக்கு வெளிற்றும் திரவம். வாசனை சேர்க்காதது, போத்தலில் ஐந்து வீதம் என்று இருப்பது. பத்து லீற்றர் பச்சைத்தண்ணிக்கு நாற்பது மில்லிலீற்றர். பிள்ளைகளின் பாணி மருந்தோடு வருகிற பத்து மில்லிலீற்றர் கப்பால் நாலு கப், அந்தக் கப்பை அதற்கென்றே ஒதுக்கி வைக்க வேண்டும். கழுவிய கானுக்குள் எல்லா இடமும் படும்படி உருட்டி, ஒரு ஐந்து நிமிடம் வைத்து ஊற்றிவிட்டுக் கவிழ்ப்பது. கொதிதண்ணியில் கலந்தால் மருந்து ஆவியாகிப் பயன் போய்விடும். கூடப் போட்டால் கூட நல்லது என்றும் இல்லை, பாலில் மணக்கும். இரவு முழுக்க விட்டுவைத்தால், அதுவும் எங்கட உவர்த் தண்ணியில், அலுமினியம் ஊசி குத்தியது போல அரிபடும். வெயில் படுகிற கடை யன்னலில் மாதக்கணக்காக நின்ற போத்தலில் மருந்தே இருக்காது, தண்ணிதான் இருக்கும். அதனால் திகதி பார்த்துச் சின்னப் போத்தலாக வாங்குகிறோம். முக்கியமான ஒன்று: வினாகிரி விடுகிற நாளில், அது முழுக்க அலசிப் போகாமல் இந்த மருந்தை விடவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு எழும்பும். மூச்சுத் திணறும். கானுக்குள் தலையை விட்டுத் தேய்க்கிறவர் ஒரு மனிசி என்பதை மறக்கக்கூடாது. அதனால்தான் வினாகிரி நாளில் கொதிதண்ணி மட்டும் என்று வைத்திருக்கிறோம்.

கவிழ்க்க ஒரு தட்டு செய்தோம். பழைய இரும்புக் குழாயில், நிலத்திலிருந்து முழங்கால் உயரத்துக்கு மேல், கான் வாய் கீழே பார்த்து நிற்க. சீமெந்துத் தரையில் கவிழ்த்தால் வாய் அடைபட்டு உள்ளே ஈரம் நிற்கும், தரை அழுக்கும் ஏறும். சோளகக் காற்றுக்குத் தூசி வருமே என்று ராத்தா கேட்டார். நியாயமான கேள்வி. வாய் கீழே பார்க்கிறதால் தூசி குறைவு, தட்டைச் சுற்றிப் பழைய நுளம்பு வலையைக் கட்டினோம். காகத்துக்கும் அதுவே போதும். அலசுவது காலையில் மட்டும், பால் ஊற்றுவதற்குச் சற்று முன், கொதித்த தண்ணி கொஞ்சம்.

இதெல்லாம் தொடங்கி இரண்டாம் கிழமை திரும்பவும் குழாய் வைத்துப் பார்த்தோம். கான் இரண்டும் பின்னேரம் வரை நீலம். வளையம் மட்டும் கொதிக்கவைத்த பிறகும் மற்றவற்றுக்கு முந்தி வெளிறியது. வெடித்த றப்பரைக் கொதிதண்ணியாலும் திருத்த முடியாது. புது வளையம் மன்னார் ரவுணில் கிடைக்கவில்லை. வவுனியாவில் ஒரு கடையில் அளவு கொடுத்து எடுத்தோம். அதன் பிறகு பால் திரும்பி வந்தது ஒரே ஒரு நாள்.

அந்த ஒரு நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நிலையத்தின் கான் இல்லை. ஒரு வீட்டுப் பால் ஒடுங்கிய வாய் பிளாஸ்டிக் கலனில் வந்தது, முன்பு சமையல் எண்ணெய் இருந்த கலன். வெளியே சுத்தம். வாய்க்குள் கை போகாது, பிரஸ் போகாது, மூடியின் மரைக்குள் பால் காய்ந்திருந்தது. பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்தால் கொழுப்பு அதற்குள் ஊறிப் பிறகு எடுக்கவே வராது, பழைய எண்ணெய் மணம்கூடப் போகாது. கொதிதண்ணி ஊற்றினால் நெளியும். மூன்று லீற்றர் அந்தக் கலனில் வந்து முப்பத்தைந்து லீற்றரைப் பழுதாக்கியது. அந்த வீட்டுக்காரர் கெட்டிக்காரப் பொம்பளை, மாட்டைப் பிள்ளை மாதிரிப் பார்க்கிறவர். அவர் வாளி வாங்கக் காசில்லாமல்தான் கலனில் கொண்டுவந்தார். சங்கத்தில் ஐந்து எவர்சில்வர் வாளி வாங்கி மாதத் தவணையில் கொடுத்திருக்கிறார்கள், அதில் ஒன்று அவருக்கு.

ஆனந்த் போன்ற பெரிய பாற்பண்ணைகளில் கிராமத்துக் கான்களைத் தொழிற்சாலையிலேயே ஆவியில் கழுவி, சூடான காற்றில் காயவைத்துத் திருப்பி அனுப்பிய காலம் இருந்தது. இப்போது அங்கே பல கிராமங்களில் கானே இல்லை, பாலை நேரே குளிரூட்டும் தாங்கியில்தான் ஊற்றுகிறார்கள். எங்களுக்கு அது எப்போது வருமோ தெரியாது. அதுவரை ஒரு பிரஸ்ஸும், ஐந்து லீற்றர் கொதிதண்ணியும், ராத்தாவின் கையும்தான்.

அவரை நிற்பாட்டுகிற பேச்சு அடுத்த கூட்டத்தில் வரவில்லை. சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டுகிற பேச்சை நான்தான் எடுத்தேன், அது இன்னும் முடிவாகவில்லை. விறகுக்குத் தனிக் காசு கொடுக்க மட்டும் ஒத்துக்கொண்டார்கள்.

தாங்கியில் உள்ள மழைத்தண்ணி ஆடி மாதம் வரைக்கும்தான் தாக்குப்பிடிக்கும் போலிருக்கிறது. அதற்குப் பிறகு மாரி வரை கிணத்துத் தண்ணியைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, படை அடியில் தங்கிய பிறகு மேல்தண்ணியை எடுத்துப் பாவிக்கலாம் என்று இருக்கிறோம். கடினம் முழுக்கப் போகாது, ஒரு பங்கு குறையும். உங்களில் யாருடைய வீட்டிலாவது பாவிக்காமல் கிடக்கிற ஆயிரம் லீற்றர் தாங்கி இருந்தால், வாற மாரிக்கு முந்தி நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள். கூரையின் மற்றப் பக்கத்துக்கும் பீலி பூட்டலாம்.